இராத்திரியில் இழுக்கும் கெண்டைக்கால்: நீட்டிப் பிடித்தால் ஏன் விடுகிறது?

தூக்கத்துக்கு நடுவே, பாதி விழிப்பில், காலை நீட்டிச் சோம்பல் முறிக்கும் அந்த ஒரு நொடியில்தான் பெரும்பாலும் அது பிடிக்கிறது. கால்விரல்கள் கீழ்நோக்கி நீளும். அடுத்த கணம் கெண்டைக்கால் கல்லாக இறுகிவிடும். தொட்டுப் பார்த்தால் உருண்டையாக ஒரு கட்டி துருத்திக்கொண்டு நிற்கும். சில நொடிகளில் விடலாம். பத்து நிமிடம் வரைக்கும் இழுக்கலாம். விட்ட பிறகும் மறுநாள் முழுக்க யாரோ உள்ளே குத்திய மாதிரி அந்த இடம் வலிக்கும்.

"நரம்பு இழுத்துக்கிச்சு" என்றுதான் நம் வீடுகளில் சொல்வோம். உடனே மினியாக் அங்கின் பாட்டில் வரும். மறுநாள் பசியாறும்போது ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள்: வாழைப்பழம் சாப்பிடு, உப்புத் தண்ணி குடி, பார்மசியில் மெக்னீசியம் வாங்கு. பிடித்தது தசை, ஆனால் கோளாறு தொடங்குவது உண்மையிலேயே நரம்பில். அந்த வகையில் நம் பேச்சு வழக்கு சரியாகவே இருக்கிறது. வாழைப்பழமும் உப்பும்தான் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தாதவை. ஏன் என்று புரிந்துகொண்டால், இழுக்கும்போது என்ன செய்வது, இழுக்காமலிருக்க என்ன செய்வது என்ற இரண்டுமே தெளிவாகிவிடும்.

சுருங்கிக் கிடக்கும் தசை

கெண்டைக்காலில் இரண்டு தசைகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. மேலே தெரியும் பெரிய ஆடுசதை முழங்காலுக்கு மேலே, தொடை எலும்பின் கீழ்முனையில் தொடங்குகிறது. அதற்கு அடியில் இருப்பது முழங்காலுக்குக் கீழே தொடங்குகிறது. இரண்டும் கீழே ஒன்றுசேர்ந்து குதிநாண் வழியாகக் குதிகால் எலும்பில் போய் முடிகின்றன. இவற்றின் வேலை பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்துவது, அதாவது குதிகாலை உயர்த்தி எம்பி நிற்பது.

இப்போது படுத்திருக்கும் காலைப் பாருங்கள். மல்லாந்து படுத்தால் பாதம் தானாகவே முன்பக்கம் சாய்ந்து, விரல்கள் கீழ்நோக்கிப் போகின்றன. ஏர்கோன் குளிருக்குக் கனமான போர்வையை மெத்தைக்கடியில் செருகிப் படுப்பவர்களுக்கு அந்தப் போர்வையே விரல்களை இன்னும் கீழே அமுக்குகிறது. குப்புறப் படுப்பவர்களுக்குப் பாதம் முழுவதுமாக மடிந்து கிடக்கும். எல்லா நிலையிலும் ஆடுசதை தன் முழு நீளத்தில் இல்லை. ஏற்கெனவே சுருங்கின நிலையில்தான் மணிக்கணக்காகக் கிடக்கிறது.

தசை அதிகமாக இழுபடும்போது, குதிநாணில் இருக்கும் உணர்வு முனைகள் அதை உணர்ந்து, "போதும், தளர்த்து" என்று முதுகுத்தண்டுக்குச் செய்தி அனுப்பும். அது ஒரு தடைக்கட்டை மாதிரி. தசை சுருங்கிக் கிடக்கும்போது நாணில் இழுவை குறைவு. ஆகவே அந்தத் தடையும் தளர்ந்துவிடுகிறது. அந்த நேரத்தில் தசைக்குப் போகும் இயக்க நரம்பு எதனாலோ தானாகத் துடித்து மின்சமிக்ஞைகளை அடுக்கடுக்காக அனுப்ப ஆரம்பித்தால், நிறுத்த ஆளில்லை. தசை முழுவதும் ஒன்றாக இறுகிவிடுகிறது. நாம் விரும்பிச் சுருக்கும்போது தசைநார்கள் முறை வைத்து வேலை செய்யும். இங்கே அந்த ஒழுங்கு கிடையாது. அதனால்தான் எவ்வளவு பலமாக எம்பி நின்றாலும் வராத அந்த வலி, படுக்கையில் வருகிறது.

வயது ஏற ஏற இது கூடுவதற்கும் காரணம் உண்டு. இயக்க நரம்புகள் வயதோடு சிறிது சிறிதாகக் குறைகின்றன. மிஞ்சியவை பக்கத்துத் தசைநார்களையும் சேர்த்துச் சுமக்கின்றன. கூடவே, குந்தி உட்காருவதும் படியேறுவதும் குறைந்துபோவதால் ஆடுசதையும் குதிநாணும் மெல்ல நீளம் குறைந்து இறுகுகின்றன. குந்தி உட்காரும்போது குதிகால் தரையில் படிந்தால் ஆடுசதை நன்றாக நீளும். நாற்காலியும் சோபாவும் அந்த நீட்சியைத் தருவதில்லை.

பிடித்த அந்த நேரத்தில்

முதலில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: சுருங்கிய தசையை நீட்டுவது. நீட்டினால் நாண் இழுபடுகிறது, அந்தத் தடைக்கட்டை மறுபடி வேலைக்கு வருகிறது, நரம்பின் துடிப்பு அடங்குகிறது. எண்ணெய், தைலம், தண்ணீர் எல்லாம் அதற்குப் பிறகு.

படுத்தபடியே முழங்காலை நேராக நீட்டுங்கள். பிறகு பாதத்தை முகத்தை நோக்கி மேலே இழுங்கள். குதிகாலால் சுவரைத் தள்ளுவதுபோல் நினைத்துக்கொண்டால் சரியாக வரும். முழங்கால் நேராக இருப்பது மிக முக்கியம். பெரிய ஆடுசதை முழங்காலுக்கு மேலே தொடங்குகிறது என்று சொன்னேனே, காலை மடக்கி வைத்துக்கொண்டு பாதத்தை இழுத்தால் அது மேல்முனையில் தளர்ந்துவிடும். நீங்கள் இழுப்பது அடித்தசையை மட்டுமே. வலியில் உடம்பு தானாகவே முழங்காலை மடக்கி மார்போடு சேர்க்கப் பார்க்கும். பெரும்பாலானவர்களுக்குப் பிடிப்பு விடாமல் நீள்வது இந்த இடத்தில்தான்.

கை எட்டாதவர்கள் ஒரு துண்டையோ கைலியையோ மடித்து முன்பாதத்தைச் சுற்றிப் போட்டு, இரண்டு நுனியையும் பிடித்துத் தன்பக்கம் இழுக்கலாம். துண்டு விரல்களில் மட்டும் மாட்டினால் விரல்கள்தான் வளையும், ஆடுசதை நீளாது. விரல்களுக்குக் கீழே உள்ள அகலமான மேட்டில் துண்டு பதிய வேண்டும். அடிக்கடி பிடிப்பவர்கள் அந்தத் துண்டைத் தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு படுப்பது நல்லது.

எழுந்து நிற்க முடிந்தால் இன்னும் சுலபம். உடம்பின் எடையே வேலையைச் செய்துவிடும். ஆனால் உடனே துள்ளி எழக் கூடாது. தூக்கத்திலிருந்து சட்டென எழுந்தால் தலை சுற்றும். நம் பிளாட் வீடுகளின் டைல்ஸ் தரை வழுக்கும். ஒரு கால் வேலை செய்யாத நேரம் அது. முதலில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் தரையில் பதியுங்கள். ஒரு கையால் கட்டிலையோ சுவரையோ பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து, பிடித்த காலின் குதிகாலைத் தரையோடு அழுத்தி, முழங்காலை நேராக வைத்துச் சற்று முன்னே சாயுங்கள்.

பிடிப்பு விட்டவுடன் காலைத் தளர்த்திவிடுகிறோம். அது ஒரு தவறு. நரம்பு இன்னும் அமைதியடைந்திருக்காது. தசையின்மேல் கை வைத்தால் உள்ளே புழு நெளிவதுபோல் சின்னச் சின்னத் துடிப்புகள் தெரியும். அவை நிற்கும்வரை, ஏறக்குறைய அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை, அதே நீட்டிய நிலையில் இருங்கள். இல்லாவிட்டால் மறுபடி படுத்துப் பாதம் சாய்ந்தவுடனே இரண்டாம் முறை பிடிக்கும், பெரும்பாலும் முதல் முறையைவிடக் கடுமையாக.

அதற்குப் பிறகு தேய்க்கலாம். கட்டி இருக்கும்போதே கட்டைவிரலால் அமுக்கி உடைக்கப் பார்ப்பது பலன் தராது; தசைநார்கள் சில நசுங்கி மறுநாள் வலி கூடும். தளர்ந்த பிறகு கணுக்காலிலிருந்து முழங்காலை நோக்கி உள்ளங்கையால் மெதுவாகத் தடவினால் போதும். வெந்நீர்ப் பையோ சூடான ஈரத்துண்டோ பத்து நிமிடம் வைத்தால் இதமாக இருக்கும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மரத்திருக்கலாம்; சூடு தெரியாமல் கொப்புளம் வந்துவிடும். அவர்கள் முழங்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டுத்தான் காலில் வைக்க வேண்டும். மினியாக் அங்கின் தோலில் ஒரு காந்தலைத் தந்து வலியைக் கொஞ்சம் மறக்கடிக்கும். பிடிப்பை அது எடுப்பதில்லை.

பாதத்தின் அடியில் பிடித்தால் விரல்களைக் கையால் பிடித்து மேல்நோக்கி வளைக்க வேண்டும். தொடையின் பின்பக்கம் பிடித்தால் முழங்காலை நேராக்கி, இடுப்பிலிருந்து முன்னே சாய வேண்டும். எந்தத் தசையானாலும் விதி ஒன்றே: அது எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம், உதறாமல், நிதானமாக.

படுக்கப் போகும் முன் ஐந்து நிமிடம்

பிடிப்பு வராமல் தடுக்க எதைச் செய்யலாம் என்றால், நான் முதலில் வைப்பது படுப்பதற்குச் சற்று முன் செய்யும் நீட்சிப் பயிற்சியைத்தான். நெதர்லாந்தில் 55 வயதுக்கு மேற்பட்ட 80 பேரை வைத்து நடத்தி 2012இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு வாரம் தினமும் இரவு ஆடுசதையையும் பின்தொடையையும் நீட்டியவர்களுக்குப் பிடிப்பின் எண்ணிக்கையும் கடுமையும் குறைந்தன. அதற்கு முன்பு இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வில் நீட்சியால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் செலவில்லை, பக்கவிளைவில்லை, ஐந்து நிமிட வேலை. ஆறு வாரம் செய்து பார்க்கத் தயங்க ஒரு காரணமும் இல்லை.

சுவரைப் பார்த்து ஒரு கை தூரத்தில் நில்லுங்கள். இரண்டு உள்ளங்கைகளையும் மார்பு உயரத்தில் சுவரில் பதியுங்கள். ஒரு காலைப் பின்னால் ஓர் அடி வையுங்கள். பின்காலின் குதிகால் தரையில் ஒட்டியிருக்கட்டும், முழங்கால் நேராக இருக்கட்டும், விரல்கள் சுவரை நேராகப் பார்க்கட்டும். இப்போது முன்முழங்காலை மடக்கிக்கொண்டே இடுப்பைச் சுவர்ப்பக்கம் கொண்டுபோங்கள். பின்காலின் கெண்டையில், முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, ஓர் இழுவை தெரியும். வலி வேண்டாம், இழுவை போதும். மேற்சொன்ன ஆய்வில் ஒவ்வொரு முறையும் பத்து நொடி, மூன்று முறை என்று செய்தார்கள். தசை இறுகியவர்கள் இருபது, முப்பது நொடி வரை நிறுத்தலாம். பிறகு அடுத்த கால்.

செய்கிறேன், ஒன்றும் தெரியவில்லை என்பவர்களிடம் மூன்றில் ஒரு பிழை இருக்கும். பின்பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். அப்போது இழுவை ஆடுசதையை விட்டுப் பாதத்தின் உள்வளைவுக்குப் போய்விடும். அல்லது குதிகால் ஓர் அங்குலம் எழும்பியிருக்கும். அல்லது பின்முழங்கால் தன்னையறியாமல் மடிந்திருக்கும். கெண்டையில் தெரியாமல் கணுக்காலின் முன்பக்கம் இடிப்பதுபோல் இருந்தால், பின்காலை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள். டைல்ஸில் சாக்ஸ் போட்டுக்கொண்டு இதைச் செய்ய வேண்டாம்.

பின்தொடைக்குக் கட்டிலில் உட்கார்ந்து ஒரு காலை மெத்தையின்மேல் நீட்டி, மற்றதைத் தரையில் வைத்து, முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து முன்னே சாய்ந்தால் போதும். அதே பத்து நொடி, மூன்று முறை.

பிறகு படுக்கை. போர்வையின் கால்பக்கத்தை மெத்தைக்கடியிலிருந்து உருவி விடுங்கள். மல்லாந்து படுப்பவர்கள் பாதத்துக்கு எதிரே ஒரு கெட்டித் தலையணையை நிறுத்தி வைத்தால் விரல்கள் மேல்நோக்கியே நிற்கும். குப்புறப் படுத்தால்தான் தூக்கம் வரும் என்பவர்கள், பாதங்கள் மெத்தையின் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி கொஞ்சம் கீழே இறங்கிப் படுக்கலாம். சோம்பல் முறிக்கும் பழக்கத்தையும் மாற்ற வேண்டும்: விரல்களை நீட்டி முறிக்காமல், குதிகாலைத் தள்ளி முறிக்கப் பழகுங்கள். பகலில் விழித்திருக்கும்போதே பத்து முறை அப்படிச் செய்து பார்த்தால், சில நாட்களில் அரைத்தூக்கத்திலும் உடம்பு அதையே செய்யும்.

வாழைப்பழம், மெக்னீசியம், கொய்னா

வெயிலில் கட்டுமான வேலை செய்பவருக்கோ, தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலைப் படிகளைக் காவடியோடு ஏறியவருக்கோ வேலையின் நடுவிலேயே தசை பிடிப்பது வேறு சங்கதி. வியர்வையில் நீரும் உப்பும் போயிருக்கும், தசையும் களைத்திருக்கும். தண்ணீரும் உப்பும் ஓய்வும் அங்கே பொருந்தும். இரவில் படுக்கையில் பிடிப்பவர்களுக்கு இரத்தத்தைச் சோதித்தால் பொட்டாசியம், மெக்னீசியம், சோடியம் மூன்றும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இல்லாத குறையை வாழைப்பழம் நிரப்ப முடியாது. சிறுநீரகம் பழுதானவர்கள் பொட்டாசியத்தை அளந்து சாப்பிட வேண்டியவர்கள். கால் பிடிக்கிறதென்று அவர்களுக்கு ஆளுக்கொரு வாழைப்பழமும் இளநீரும் கொடுப்பது ஆபத்தாகவே முடியலாம்.

மெக்னீசியத்தைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, 2020இல் புதுப்பிக்கப்பட்டபோதும், வயதானவர்களின் கால் பிடிப்பை அது குறிப்பிடும்படி குறைக்க வாய்ப்பில்லை என்றே சொன்னது. கர்ப்பிணிகளில் முடிவுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. மாத்திரை எடுத்தால் சிலருக்கு வயிற்றுப்போக்கு வரும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு மெக்னீசியம் உடம்பில் தேங்கும்.

2024இல் சீனாவில் 65 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், வைட்டமின் கே2 தினமும் 180 மைக்ரோகிராம் எட்டு வாரம் எடுத்தவர்களுக்குப் பிடிப்பு நன்றாகக் குறைந்தது. ஓர் ஆய்வுதான், இன்னும் சில வர வேண்டும். வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் இதைத் தொடவே கூடாது, இரத்தம் உறையாமல் காக்கும் அந்த மருந்தின் வேலையை வைட்டமின் கே கெடுத்துவிடும்.

தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களுக்குக் கொய்னா மறந்திருக்காது; மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுத்த அந்தக் கசப்பு மருந்து. கொய்னா நரம்பு தசையைத் தூண்டுவதைக் குறைக்கும், ஆகவே இரவுப் பிடிப்பையும் ஓரளவு குறைக்கும். அதனால் பல நாடுகளில் நெடுங்காலம் இதற்கென்றே எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் சிலருக்கு அது இரத்தத் தட்டுகளைத் திடீரென்று வீழ்த்தி இரத்தக்கசிவை உண்டாக்குகிறது, இதயத் துடிப்பையும் குழப்புகிறது. கால் பிடிப்புக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2010இல் மறுபடியும் எச்சரித்தது. யாராவது பழைய நினைவில் "கொய்னா மாத்திரை நல்லா கேக்கும்" என்றால், கேட்பது உண்மைதான். ஆனால் உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடிய மருந்தை உயிருக்கு ஆபத்தில்லாத பிடிப்புக்கு எடுப்பது நியாயமில்லை.

மருந்துப் பையைத் திறந்து பாருங்கள்

பிரிக்ஃபீல்ட்ஸில் தோசைக் கடை வைத்திருக்கும் 58 வயது அக்கா ஒருவரை எண்ணிக்கொள்வோம். காலை ஐந்து மணியிலிருந்து பகல் ஒரு மணி வரை கல்லுக்கு முன்னால் நிற்கிறார். வாரத்தில் மூன்று நான்கு இரவு, இரண்டு மணிக்கு மேல், பெரும்பாலும் வலது கெண்டையில் பிடிக்கிறது. "நின்னு நின்னு வந்தது" என்று அவரும் நம்புகிறார், வீட்டாரும் நம்புகிறார்கள். ஆனால் அவர் இருபது வருடமாக நிற்கிறார்; பிடிப்பு வந்தது மூன்று மாதமாகத்தான். அந்த மூன்று மாதத்தில் என்ன மாறியது என்பதே சரியான கேள்வி.

பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் இரண்டு வாரம் எழுதினால் போதும்: தேதி, மணி, எந்தக் கால், எப்படிப் படுத்திருந்தார், அன்று வழக்கத்துக்கு மாறாக என்ன செய்தார், புதிதாக என்ன மருந்து. அக்காவின் மருந்துப் பையில் ஏற்கெனவே அட்டோர்வாஸ்டட்டின் இருக்கிறது, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரை. மூன்று மாதத்துக்கு முன் அரசாங்க கிளினிக்கில் இரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதையசைட் சேர்த்திருக்கிறார்கள். இது சிறுநீரைக் கூட்டும் மாத்திரை, பொட்டாசியத்தையும் கூடவே வெளியேற்றும். கனடாவில் மருந்துப் பதிவேடுகளை வைத்து நடந்த பெரிய ஆய்வொன்றில், சிறுநீர் கூட்டும் சில மாத்திரைகளும், ஆஸ்துமாவுக்கு உள்ளிழுக்கும் சால்மெட்டரால் போன்ற நீண்டநேர மருந்துகளும் தொடங்கிய பிறகு கால் பிடிப்புக்கு மருந்து கேட்டு வந்தவர்கள் கூடினார்கள். ஸ்டாட்டினின் தொடர்பு அதைவிடப் பலவீனமாக இருந்தது.

இங்கே அக்கா செய்யக்கூடாதது ஒன்று: மாத்திரையைத் தானாக நிறுத்துவது. அழுத்தம் ஏறிப் பக்கவாதம் வந்தால் கால் பிடிப்பு ஒரு பொருட்டாகவே இருக்காது. அடுத்த முறை கிளினிக் போகும்போது அந்த நாட்காட்டித் தாளையும் மருந்துப் பையையும் கொண்டுபோய், "டாக்டர், இந்த மாத்திரை ஆரம்பிச்ச பிறகுதான் கால் இழுக்குது" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியம் கிடைத்தால்தான் மருத்துவர் எங்கே தேடுவது என்று அறிவார். பொட்டாசியமும் சிறுநீரகச் செயல்பாடும் பார்க்கச் சொல்வார். பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருப்பது வழக்கம். அக்காவுக்கு 3.2 என்று வந்தால் அது உண்மையான குறை. மருந்தின் அளவைக் குறைப்பதோ, வேறு வகைக்கு மாற்றுவதோ மருத்துவரின் முடிவு. சர்க்கரை, தைராய்டு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்ப்பது உண்டு. இனிப்பு நீருக்கு மெட்ஃபார்மின் நெடுங்காலம் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்து நரம்பைப் பாதிக்கலாம், அதையும் கேட்டு வைப்பது நல்லது.

மருந்து மாறிய பிறகு அக்காவுக்கு வாரத்தில் நான்காக இருந்தது இரண்டாகக் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் ஏன் நிற்கவில்லை? மாத்திரை நரம்பை எளிதில் துடிக்க வைத்தது. ஆனால் ஆடுசதை இறுகியே இருக்கிறது, போர்வை இன்னும் பாதத்தை அமுக்குகிறது. இரண்டு காரணங்கள் கூடிய இடத்தில் ஒன்றை மட்டும் நீக்கியிருக்கிறோம். போர்வையை உருவி விட்டு, சுவர்ப் பயிற்சியைத் தினமும் செய்துகொண்டு, ஆறாவது வாரம் முடியும்போது நாட்காட்டியில் எண்ணிப் பார்த்தால் நிஜமாகவே குறைந்ததா என்று தெரிந்துவிடும். இரண்டு மூன்று நாள் பிடிக்காமல் போனதும் பயிற்சியை விட்டுவிடுகிறோம். பிடிப்பு எப்போதும் கொத்தாக வந்து கொத்தாகப் போவது, ஆகவே மூன்று நாள் கணக்கில் வராது.

பிடிப்பு அல்லாதவை

எல்லாக் கால்வலியையும் நரம்பு இழுப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தசை கல்லாக இறுகாமல், காலை அசைத்தே ஆக வேண்டும் என்ற தவிப்பு மட்டும் மாலையிலும் இரவிலும் வந்து, எழுந்து நடந்தால் அடங்குகிறதா? அது அமைதியற்ற கால்களின் கோளாறு. அதற்கு இரும்புச்சத்தைச் சோதிக்க வேண்டும், நீட்சியால் பெரிய பயன் இல்லை. நடக்கும்போது கெண்டை இறுகி, நின்றால் சில நிமிடத்தில் விட்டு, மறுபடி நடந்தால் அதே தூரத்தில் மறுபடி பிடித்தால் காலுக்குப் போகும் இரத்தக்குழாய் சுருங்கியிருக்கலாம். புகைப்பவர்களும் இனிப்பு நீர் உள்ளவர்களும் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, நீட்டியும் விடாமல் மணிக்கணக்காக வலித்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அறுவைச் சிகிச்சை, நீண்ட விமானப் பயணம், பிரசவம் இவற்றுக்குப் பிறகு வந்தால் இன்னும் அவசரம். காலின் உள்ளே ஆழமாக ஓடும் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்திருக்கலாம். அப்படிப்பட்ட காலைத் தேய்க்கவோ உருவவோ கூடாது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இரவுப் பிடிப்பு மிகச் சாதாரணம், சுவர்ப் பயிற்சி அவர்களுக்கும் ஆகும். ஆனால் ஒரு கால் வீக்கத்தை மட்டும் "மாசமா இருந்தா அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். ஸ்டாட்டின் சாப்பிடுபவருக்குத் தொடைகள் இரண்டும் வலித்துப் பலம் குறைந்தாலோ, சிறுநீர் கோப்பி நிறத்தில் போனாலோ அதுவும் காத்திருக்கும் சங்கதி இல்லை. கையிலும் முதுகிலும் பிடிப்பு பரவுவது, பாதம் தொய்வது, கால் மெலிவது ஆகியவற்றை நரம்பு மருத்துவர் பார்க்க வேண்டும்.

வீட்டில் தனியாகப் படுக்கும் வயதான அப்பா, அம்மாவுக்கு இழுக்கிறதென்றால், பிடிப்பைவிட அதற்காக இருட்டில் எழுந்து விழுவதுதான் பெரிய ஆபத்து. கட்டிலிலிருந்து கை எட்டும் இடத்தில் ஒரு விளக்கு, வழுக்காத சிலிப்பர், பிடித்து நிற்க ஒரு கனமான நாற்காலி. துண்டைப் பாதத்தில் மாட்டி முழங்காலை நீட்டி இழுப்பதை, வலி இல்லாத ஒரு பகல் நேரத்தில் அவர்கள் கையாலேயே மூன்று நான்கு முறை செய்ய வையுங்கள். இரவு இரண்டு மணிக்கு, வலியில், புதிதாக எதையும் யாராலும் கற்றுக்கொள்ள முடியாது.